பிராண்டு லிஃப்ட் அறிக்கையைப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள்

விளம்பரம் காட்டிய குழுவிடமும், காட்டாமல் நிறுத்திவைத்த கண்ட்ரோல் குழுவிடமும் ஒரே சர்வே கேள்வியைக் கேட்டு, பிராண்டை அறிந்தவர்கள், அதாவது அவேர்னஸ், எவ்வளவு கூடியது என்று பார்ப்பதுதான் பிராண்டு லிஃப்ட் ஆய்வு. கேம்பெயின் முடிந்து சில நாட்களில் அதன் அறிக்கை வந்துவிடும். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘அவேர்னஸ் 11.4% உயர்வு’ என்று இருக்கும், பக்கத்திலேயே ஒரு பச்சை அம்புக்குறி. கூட்டத்தில் எல்லோரும் அந்த எண்ணைத்தான் பேசுவார்கள். அந்த எண் பொய் இல்லை. ஆனால் அது எதிலிருந்து வந்தது என்று தெரியாமல் அதை வைத்து அடுத்த பட்ஜெட்டை முடிவு செய்யக் கூடாது. அதனால் நான் எப்போதும் அறிக்கையைப் பின்பக்கத்திலிருந்து படிக்கிறேன். முதலில் தலைகளின் எண்ணிக்கை, அப்புறம் கண்ட்ரோல் குழு, அப்புறம் கேள்வி, அப்புறம் பிழை வரம்பு. முதல் பக்கத்து எண் கடைசியில்தான்.

ஒரே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு முழுவதும் அதையே பிரித்துப் பார்ப்போம். ஹெட்போன் விற்கும் ஒரு பிராண்டு, நான்கு வாரம் ஆன்லைன் வீடியோ விளம்பரம் கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை.

முதலில் சதவீதத்தை மறந்து, தலைகளை எண்ணுங்கள்

அறிக்கையின் கடைசிப் பக்கத்திலோ பின்னிணைப்பிலோ நான்கு எண்கள் இருக்கும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். நம் உதாரணத்தில் அவை இப்படி: கண்ட்ரோல் குழுவில் பதில் சொன்னவர்கள் 2,000 பேர், அவர்களில் பிராண்டைத் தெரியும் என்றவர்கள் 440 பேர். விளம்பரம் காட்டப்பட்ட குழுவிலும் 2,000 பேர், தெரியும் என்றவர்கள் 490 பேர்.

அதாவது 22 சதவீதம், 24.5 சதவீதம். வித்தியாசம் 2.5 சதவீதப் புள்ளி. 2.5-ஐ 22-ஆல் வகுத்தால் 11.4% வருகிறது. முதல் பக்கத்தில் இருந்தது அதுதான். மொத்த அறிக்கையும் 50 பேரின் மேல் நிற்கிறது என்பது இப்போது தெரிகிறது. இந்த 50 பேர் விளம்பரத்தால் வந்தவர்களா, தற்செயலாக அந்தப் பக்கம் விழுந்தவர்களா, இல்லை முதலிலிருந்தே வேறு மாதிரியான ஆட்களா? இனிமேல் பார்க்கப்போவதெல்லாம் இந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

இங்கேயே ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். சர்வேயில் அவேர்னஸ், விளம்பர நினைவு, வாங்கும் எண்ணம் என்று மூன்று கேள்விகள் இருந்தால், பெரும்பாலும் ஒருவருக்கு ஒரு கேள்விதான் காட்டப்படும். ‘மொத்தம் 12,000 பதில்கள்’ என்று அறிக்கை சொன்னால், உங்கள் அவேர்னஸ் கேள்விக்கு ஒரு குழுவுக்கு 2,000 மட்டுமே இருக்கலாம். பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கண்ட்ரோல் குழு எப்படிப் பிறந்தது?

மொத்த ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கண்ட்ரோல் குழு என்பது ‘விளம்பரம் பார்க்காதவர்கள்’ அல்ல. ‘விளம்பரம் பார்த்திருக்க வேண்டியவர்கள், ஆனால் குலுக்கலில் நாம் நிறுத்திவைத்தவர்கள்’. இந்த இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

சரியான முறையில், விளம்பரம் ஓடத் தொடங்கும் முன்பே இலக்கு மக்கள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்படுகிறார்கள். ஒருவருக்கு உங்கள் விளம்பரம் போக வேண்டிய நேரம் வரும்போது, அவர் கண்ட்ரோல் பக்கம் இருந்தால் அந்த இடத்தில் வேறொருவரின் விளம்பரம் ஓடும். அந்த நேரத்தையும் குறித்துக்கொள்வார்கள். பின்னர் இரண்டு பக்கத்து ஆட்களிடமும் ஒரே கேள்வி. இரு குழுவும் எல்லா வகையிலும் ஒரே மாதிரி, விளம்பரம் ஒன்றைத் தவிர.

தவறான முறை இப்படி: விளம்பரம் எல்லோருக்கும் ஓடுகிறது. முடிந்தபின், பார்த்தவர்களிடம் கேட்கிறார்கள், பார்க்காதவர்களிடமும் கேட்கிறார்கள், வயது, பாலினம் பொருத்திப் பார்க்கிறார்கள். இதில் என்ன கோளாறு? ஒருவருக்கு உங்கள் விளம்பரம் நான்கு வாரத்தில் ஒருமுறைகூடப் போகவில்லை என்றால், அவர் வீடியோ பார்ப்பதே குறைவாக இருக்கலாம். அல்லது இலக்கு அமைப்பு அவரை இந்தப் பொருளில் ஆர்வம் இல்லாதவர் என்று ஒதுக்கியிருக்கலாம். ஹெட்போன் தேடுபவர்களைத் தேடிப் பிடித்து விளம்பரம் காட்டிவிட்டு, அவர்களுக்கு ஹெட்போன் பிராண்டுகள் அதிகம் தெரிகிறது என்று கொண்டாடுவது இதுதான். வயதையும் பாலினத்தையும் பொருத்தினால் இது சரியாகாது, ஏனென்றால் ஆர்வம் என்பது அந்த இரண்டிலும் இல்லை.

எந்த முறை பயன்பட்டது என்று அறிக்கையில் தெளிவாக எழுதியிருக்காவிட்டால், நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கேள்வியின் பட்டியலில் உங்கள் பிராண்டோடு போட்டி பிராண்டுகளும் இருக்கும். நல்ல சர்வே என்றால் உலகத்திலேயே இல்லாத ஒரு கற்பனைப் பெயரும் சேர்த்திருப்பார்கள். அந்த வரிகளின் எண்களைக் கேட்டு வாங்குங்கள்.

நம் உதாரணத்தில், பெரிய போட்டியாளரைத் தெரியும் என்றவர்கள் கண்ட்ரோலில் 41.0%, காட்டப்பட்ட குழுவில் 41.6%. கற்பனைப் பெயரைத் தெரியும் என்றவர்கள் 3.9%, 3.7%. இரண்டும் ஏறக்குறைய அசையவில்லை. சரி, இரு குழுவும் ஒரே மாதிரி ஆட்கள்தான் என்று நம்ப இடமிருக்கிறது.

நான் படித்த இன்னோர் அறிக்கையில் நிலைமை வேறு. பிராண்டுக்கு 6 புள்ளி உயர்வு, எல்லோருக்கும் மகிழ்ச்சி. போட்டியாளர்களின் வரியைக் கேட்டு வாங்கினோம். இரண்டு போட்டியாளர்களுக்கும் ஏறத்தாழ 5 புள்ளி உயர்ந்திருந்தது. கற்பனைப் பெயர்கூட 4-லிருந்து 7-க்குப் போயிருந்தது. எந்த விளம்பரமும் இல்லாத பெயருக்கு எப்படி அறிமுகம் கூடும்? ‘பார்த்த’ குழுவில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் டிக் அடிக்கும் ஆட்கள், அவ்வளவுதான். அந்த 6-இல் விளம்பரத்தின் பங்கு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எண்ணைத் திருத்தப் பார்க்காமல் அந்த ஆய்வையே ஒதுக்கிவைத்தோம். இன்றும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

போட்டியாளர் கொஞ்சம் உயர்ந்தாலே உடனே சந்தேகப்பட வேண்டியதில்லை. உங்கள் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் பெரிய பிராண்டின் விளம்பரம் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அதனால்தான் கற்பனைப் பெயர் போட்டியாளரைவிட நல்ல சாட்சி.

கண்ட்ரோல் குழு பற்றி இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, அதே நேரத்தில் டிவியிலும் சாலையோரப் பலகையிலும் உங்கள் விளம்பரம் இருந்தால் கண்ட்ரோல் ஆட்களும் அதைப் பார்த்திருப்பார்கள். அவர்களின் 22 சதவீதத்திலேயே அந்த உழைப்பு அடங்கிவிடுகிறது. மீதியுள்ள 2.5 புள்ளி, மற்றதெல்லாம் ஏற்கெனவே ஓடும்போது இந்த வீடியோ மட்டும் கூடுதலாகத் தந்தது. அது ‘பிராண்டு வளர்ந்த அளவு’ அல்ல.

மற்றொன்று, விளம்பரம் காட்டப்பட்ட குழுவில் எல்லோரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள், பலர் ஐந்து விநாடியில் ஸ்கிப் செய்திருப்பார்கள். ‘முழுசாகப் பார்த்தவர்களை மட்டும் எடுத்தால் உயர்வு 8 புள்ளி’ என்று யாராவது ஒரு ஸ்லைடு காட்டுவார்கள். முழுசாகப் பார்த்தவர்கள் தாங்களாகவே தங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டவர்கள். ஏற்கெனவே பிராண்டைத் தெரிந்தவர்தான் ஸ்கிப் செய்யாமல் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். குலுக்கலில் கிடைத்த சமநிலை அந்த இடத்தில் உடைந்துபோகிறது. அந்த ஸ்லைடைத் தாண்டிப் போங்கள்.

என்ன கேட்டார்கள்?

‘அவேர்னஸ்’ என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேறு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அறிக்கையில் கேள்வியின் வாசகத்தை அப்படியே பார்க்க வேண்டும்.

‘கீழே உள்ள பிராண்டுகளில் எவற்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?’ என்று பட்டியல் கொடுத்துக் கேட்பது உதவியோடு கூடிய கேள்வி. ஆன்லைன் சர்வேயில் பெரும்பாலும் இதுதான். பெயரைக் கண்ணால் பார்த்ததும் ‘ஆமாம், தெரியும்போல இருக்கிறதே’ என்று தோன்றுவதும் இதில் கணக்காகிவிடும். ‘ஹெட்போன் என்றதும் நினைவுக்கு வரும் பிராண்டுகள் எவை?’ என்று வெற்றுப் பெட்டியில் எழுதச் சொல்வது உதவி இல்லாத கேள்வி. இதில் எண்கள் மிகச் சிறியதாக இருக்கும், அசைவதும் கடினம். ஆனால் அசைந்தால் அதற்கு மதிப்பு அதிகம். ஒன்றின் 24.5-ஐ மற்றொன்றின் 6-ஓடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

மூன்றாவது விளம்பர நினைவு: ‘கடந்த இரண்டு நாட்களில் இவற்றில் எதன் விளம்பரத்தை ஆன்லைனில் பார்த்த நினைவு?’ இது அவேர்னஸ் இல்லை. ஆனாலும் பல அறிக்கைகளில் இதைத்தான் முன்னால் வைப்பார்கள், ஏனென்றால் மூன்றிலும் இதுதான் சுலபமாக ஏறும். நேற்று ஒரு விளம்பரத்தைப் பார்த்தவரிடம் இன்று ‘பார்த்தீர்களா?’ என்று கேட்டால் ஏறத்தானே செய்யும்? ஒரு வேடிக்கை, இந்தக் கேள்விக்கு கண்ட்ரோல் குழுவிலும் கணிசமானவர்கள் ‘பார்த்தேன்’ என்பார்கள். விளம்பரமே போகாதவர்கள்! பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பழைய விளம்பரத்தையோ, வேறு பிராண்டின் விளம்பரத்தையோ, கடையில் பார்த்த பெட்டியையோ மனது ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறது. இந்தக் குழப்பம் இரு குழுவிலும் சமமாக இருப்பதால் கழித்தலில் அது போய்விடும். கண்ட்ரோல் இல்லாமல் ‘இத்தனை பேருக்கு விளம்பரம் நினைவிருக்கிறது’ என்று மட்டும் சொல்லும் சர்வேயை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

கேள்வியில் பார்க்க வேண்டிய சின்னச் சின்ன விஷயங்களில் முக்கியமானது, எத்தனை விடையைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது. ஒன்றுதான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் அது அறிமுகத்தை அளக்கவில்லை, மனதில் முதலில் வருவதை அளக்கிறது. அப்போது உங்கள் வரி ஏறினால் மற்ற வரிகளில் ஏதாவது ஒன்று கட்டாயம் இறங்கும், நாம் மேலே செய்த சாட்சிப் பரிசோதனையும் வேலை செய்யாது. ‘இவற்றில் எதுவும் இல்லை’ என்ற விடையும் இருக்க வேண்டும், பிராண்டுகளின் வரிசை ஆளுக்கு ஆள் மாற வேண்டும். ஒரே ஆளிடம் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் எது முதலில் வந்தது என்று பாருங்கள். விளம்பர நினைவுக் கேள்வியில் பிராண்டு பெயரைக் காட்டிவிட்டு அப்புறம் ‘இந்தப் பெயர் தெரியுமா?’ என்று கேட்டால், பெயரைச் சொல்லிக்கொடுத்ததே சர்வேதான்.

இப்போது பிழை வரம்பு

கண்ட்ரோல் சுத்தம், கேள்வியும் சரி. அந்த 50 பேர் தற்செயலா என்பதுதான் மீதி. இதற்குக் கணக்கு ஒன்றே ஒன்று, எந்தக் கணிப்பானிலும் போடலாம். p1, n1 என்பவை கண்ட்ரோலின் அளவும் ஆட்களும், p2, n2 என்பவை காட்டப்பட்ட குழுவுடையவை:

```
SE = sqrt( p1*(1-p1)/n1 + p2*(1-p2)/n2 )
   = sqrt( 0.22*0.78/2000 + 0.245*0.755/2000 )
   = 0.0134
```

அதாவது வித்தியாசம் தற்செயலால் எவ்வளவு ஆடும் என்று சொல்லும் திட்டப்பிழை 1.34 புள்ளி. 95% நம்பிக்கை இடைவெளிக்கு இதை 1.96-ஆல் பெருக்கினால் 2.6 வருகிறது. ஆகவே உண்மையான உயர்வு −0.1 புள்ளிக்கும் +5.1 புள்ளிக்கும் இடையில். 90% இடைவெளிக்கு 1.645-ஆல் பெருக்க வேண்டும்: +0.3 முதல் +4.7 வரை.

பார்த்தீர்களா? அதே தரவு. 90% அளவுகோலில் ‘உயர்வு உறுதி’, 95% அளவுகோலில் ‘உறுதி இல்லை’. பச்சை அம்புக்குறி எந்த அளவுகோலில் போடப்பட்டது என்று அறிக்கையின் அடிக்குறிப்பில் சிறிய எழுத்தில் இருக்கும். 90% தவறான அளவுகோல் இல்லை, ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: ஒன்றுமே செய்யாத விளம்பரங்களில் பத்தில் ஒன்றுக்கு ஏதோ ஒரு பக்கம் அம்புக்குறி விழும்.

இந்த ஆய்வுக்கு எத்தனை பேர் தேவைப்பட்டிருக்கும்? 95% நம்பிக்கையும், உண்மையான உயர்வு இருந்தால் ஐந்தில் நான்கு முறை பிடித்துவிடும் திறனும் வேண்டுமென்றால், ஒரு குழுவுக்கான எண்ணிக்கையைத் தோராயமாக இப்படிப் போடலாம். p என்பது கண்ட்ரோலின் அளவு, d என்பது நீங்கள் பிடிக்க விரும்பும் மிகச் சிறிய உயர்வு:

```
n = 16 * p * (1-p) / d^2
```

p = 0.22, d = 0.025 என்று போட்டால் ஏறக்குறைய 4,400 பேர். நம்மிடம் இருந்தது 2,000. 5 புள்ளி உயர்வைப் பிடிக்க 1,100 பேர் போதும், ஆனால் 1 புள்ளியைப் பிடிக்க 27,000-க்கு மேல் வேண்டும். உயர்வு பாதியானால் ஆட்கள் நான்கு மடங்கு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலே, எந்த ஆய்வு முதலிலேயே தோற்கப் பிறந்தது என்று சொல்லிவிடலாம்.

இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். ‘உயர்வு இல்லை’ என்று வரும் அறிக்கைகளில் பல அநியாயமாகக் குப்பைக்குப் போகின்றன. இடைவெளி −1 முதல் +4 வரை இருந்தால், ஆய்வுக்கு எதுவும் தெரியவில்லை என்றுதான் பொருள். விளம்பரம் வேலை செய்யவில்லை என்று அது சொல்லவில்லை. இடைவெளி −0.4 முதல் +0.5 வரை என்றால்தான் உயர்வு மிகச் சிறியது அல்லது இல்லவே இல்லை என்று துணிந்து சொல்லலாம்.

உள்ளே நறுக்கிப் பார்க்கும்போது

அடுத்து கட்டாயம் ஒரு பட்டியல் வரும்: வயது, பாலினம், கருவி, எத்தனை முறை பார்த்தார்கள் என்று பன்னிரண்டு துண்டுகள். அதில் ஒன்று பளிச்சென்று நிற்கும். நம் உதாரணத்தில் 25–34 வயதுப் பெண்கள்: கண்ட்ரோலில் 160 பேரில் 35, காட்டப்பட்டதில் 160 பேரில் 48. உயர்வு 8.1 புள்ளி! 90% அளவுகோலில் அம்புக்குறியும் விழுகிறது. ‘அடுத்த பட்ஜெட் முழுதும் இவர்களுக்கே’ என்று ஒருவர் சொல்வார்.

மேலே உள்ள சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். திட்டப்பிழை 4.9 புள்ளி, 90% இடைவெளி 0.1 முதல் 16 வரை. பூஜ்ஜியத்தை விளிம்பில்தான் தாண்டியிருக்கிறது. அதோடு, பன்னிரண்டு துண்டுகளில் எதிலுமே உண்மையான உயர்வு இல்லாவிட்டாலும், துண்டுகள் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டால், 90% அளவுகோலில் குறைந்தது ஒன்றிலாவது அம்புக்குறி விழும் வாய்ப்பு சுமார் 72%. பன்னிரண்டு பேரை வரிசையில் நிறுத்தினால் யாராவது ஒருவர் உயரமாகத்தான் இருப்பார். இப்படித் தேடிப் பொறுக்கிய துண்டு, அடுத்த ஆய்வில் பெரும்பாலும் சராசரியை நோக்கி இறங்கிவிடும். துண்டுகளைப் படிக்க நான் வைத்திருக்கும் விதி: ஆய்வு தொடங்கும் முன்பே ‘இந்தக் குழுவைத்தான் பார்ப்போம்’ என்று எழுதிவைத்தது மட்டும் கணக்கு. மற்றதெல்லாம் அடுத்த ஆய்வுக்கான யோசனை.

கடைசியாக முதல் பக்கம்

இப்போது அந்த 11.4%-க்கு வரலாம். அது ஒப்பீட்டு உயர்வு. கண்ட்ரோல் அளவு சிறியதாக இருந்தால் இந்த எண் ஊதிப்போகும்: 2-லிருந்து 3-க்குப் போனால் ‘50% உயர்வு’, 60-லிருந்து 63-க்குப் போனால் ‘5% உயர்வு’. இரண்டாவது விளம்பரம் மூன்று மடங்கு ஆட்களிடம் வேலை செய்திருக்கிறது, ஆனால் ஸ்லைடில் தோற்றுவிடும். மறுபுறம், 90% பேருக்கு ஏற்கெனவே தெரிந்த பிராண்டுக்கு ஏற இடமே இல்லை. அப்படிப்பட்ட பிராண்டை அவேர்னஸ் கேள்வியால் அளப்பதே வீண், வாங்கும் எண்ணத்தைக் கேட்பது நல்லது. சில அறிக்கைகள் மீதியிருக்கும் இடத்தில் எவ்வளவு நிரம்பியது என்றும் கொடுக்கும்: நமக்கு 2.5-ஐ 78-ஆல் வகுத்தால் 3.2%. மூன்றுமே ஒரே 50 பேரின் வேறு வேறு முகங்கள். நான் சதவீதப் புள்ளியையும் இடைவெளியையும்தான் எழுதுவேன்.

‘கூடுதலாக அறிந்தவர்கள் 1,00,000 பேர்’ என்ற வரிக்கும் இதே கதிதான். விளம்பரம் 40 லட்சம் பேரை எட்டியது, அதில் 2.5% என்று பெருக்கியிருக்கிறார்கள். இடைவெளியின் இரு முனையையும் பெருக்கினால், 90% அளவுகோலிலேயே 12,000 முதல் 1,88,000 வரை. ஒரு ஆளுக்கான செலவு இந்த இரண்டு முனைக்கும் இடையில் பதினைந்து மடங்குக்கு மேல் மாறுகிறது. இந்த நிலையில் இரண்டு கேம்பெயின்களின் ஆள்செலவை ஒப்பிட்டு ஒன்றை வெற்றி என்று அறிவிப்பது நியாயமே இல்லை.

ஆக, இந்த ஆய்வைப் பற்றி மேலிடத்துக்கு நான் எழுதும் பத்தி இப்படி இருக்கும்: ‘உதவியோடு கேட்ட அறிமுகம் 22%-லிருந்து 24.5% ஆனது, குழுவுக்கு 2,000 பேர். உயர்வு 90% நம்பிக்கையில் 0.3 முதல் 4.7 புள்ளி, 95%-இல் பூஜ்ஜியத்தை விலக்க முடியவில்லை. குழுக்கள் குலுக்கலில் பிரிக்கப்பட்டவை, கற்பனைப் பெயர் அசையவில்லை. வயது வாரியாக முடிவெடுக்க எண்ணிக்கை போதாது.’

இதைப் படித்தவுடன் ஒருவர் கேட்பார்: ‘அப்படியானால் இன்னும் கொஞ்சம் பேரிடம் கேட்டு 95%-ஐத் தாண்ட வைக்கலாமே?’ தாண்டும் வரை சேர்த்துக்கொண்டே போய், தாண்டிய இடத்தில் நிறுத்தினால், அந்த 95% இனி 95% இல்லை. ஒவ்வொரு முறை எட்டிப் பார்ப்பதும் தற்செயலுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுப்பதுதான். அடுத்த கேம்பெயினில் குழுவுக்கு 4,400 பேர் என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள். அத்தனை பதில்கள் கிடைக்கும் அளவுக்கு பட்ஜெட்டும் நாட்களும் இருக்கின்றனவா என்று விளம்பரத் தளத்திடம் கேளுங்கள். எண்ணிக்கை நிறையும் வரை அறிக்கையைத் திறக்காதீர்கள்.